மண் குதிரையும் ஒரு நிமிடக் காணொளியும்

கைப்பேசியை நெட்டுக்குத்தாக நிறுத்திவைத்து, பார்ப்பவரின் கண்ணை நேரே நோக்கி, எல்லோருக்கும் பரிச்சயமான ஒரு பழமொழியை முதல் மூன்று விநாடிக்குள் சொல்லி முடித்து, பிறகு அதற்கு இன்றைய வாழ்க்கையில் என்ன அர்த்தம் என்பதை எளிய சொற்களில் விளக்கிவிட்டு மறையும் குறுங்காணொளிகள், சில ஆண்டுகளாகத் தமிழில் ஒரு தனி வகையாகவே உருப்பெற்றிருக்கின்றன. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும், அடுத்த மாதம் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன. ரீல்ஸ் முதலில் அளித்த அவகாசம் 15 விநாடிதான். ஷார்ட்ஸ் ஒரு நிமிடம் கொடுத்தது. 2024 அக்டோபரில்தான் அது மூன்று நிமிடமாக நீண்டது. இத்தனை குறுகிய காலத்துக்குள் பேச வந்தவர்களுக்கு, அறிமுகம் வேண்டாததும், நான்கைந்து சொற்களில் முடிவதும், பாதி கேட்டவுடனே மீதியைக் கேட்பவர் மனமே சொல்லிக்கொள்வதுமான பழமொழியைக் காட்டிலும் உகந்த வாசல் வேறு கிடைத்திருக்க முடியாது. ஆயினும் வாசல் நன்றாக அமைந்துவிட்டதனால் மட்டும் வீடு நன்றாக அமைந்துவிடுவதில்லை என்பதை, இக்காணொளிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் எவரும் அறிவர். பழமொழிக்கு அடுத்தபடியாக வரும் விளக்கத்தில் எது நேரிடுகிறது என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் கவனிக்கவேண்டியது கிரமத்தில் நேர்ந்த மாற்றம். தமிழ் மரபில் பழமொழி பெரும்பாலும் முதலில் வந்ததில்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய பழமொழி நானூற்றை எடுத்துப் பார்த்தால், முன்றுறை அரையனார் ஒவ்வொரு வெண்பாவிலும் தாம் சொல்லவந்த பொருளை முன்னடிகளில் நிறுத்தி, பல பாடல்களில் மூன்றாம் அடியில் கேட்பவரை விளித்து, பழமொழியை ஈற்றடியில்தான் வைக்கிறார். தொல்காப்பியத்தின் செய்யுளியலும், முதுமொழியை நுட்பமும் சுருக்கமும் உடையதென்று கூறுவதோடு நின்றுவிடாமல், கருதிய பொருளை நிலைநாட்டுவதற்குக் காரணமாக வந்து நிற்பதென்றும் இலக்கணம் வகுக்கிறது. அதாவது கருதிய பொருள் ஒன்று ஏற்கெனவே இருக்கவேண்டும்; அதற்குத் துணையாக வருவதே பழமொழி. வீட்டுப் பேச்சிலும் அப்படித்தான். மருமகன் யாரையோ நம்பிக் கடையை எழுதிக் கொடுத்தான், அந்த ஆள் தலைமறைவானான், செய்தி திண்ணைக்கு வந்தது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி கடைசியாக ஒரு பெருமூச்சோடு, "மண் குதிரையை நம்பி ஆத்துல எறங்கினா இப்படித்தான்" என்றாள். அங்கே எவரும் பாட்டியிடம் அர்த்தம் கேட்கவில்லை. நிகழ்ச்சியே அர்த்தமாக முன்னால் நின்றது.

காணொளியில் இந்தக் கிரமம் தலைகீழாகிறது. பழமொழி முதலில் வந்துவிடுகிறது. ஆனால் அதைச் சொல்லத் தூண்டிய நிகழ்ச்சி எங்கும் இல்லை. ஆகவே விளக்க வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகிறது. விளக்குவதற்கோ பெரும்பாலும் ஒன்றுமில்லை, ஏனெனில் பார்ப்பவருக்குப் பழமொழியின் தாத்பரியம் முன்பே தெரியும். நம்பத்தகாதவரை நம்பக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் ஒரு காணொளி தேவையில்லை. இந்த வெற்றிடத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்பதில்தான் இவ்வகைக் காணொளிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. சிலர் பழமொழியையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லி, ஓர் அறிவுரையைக் கூட்டி முடித்துக்கொள்கிறார்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேறு சிலர், "நாம் இத்தனை காலமும் இந்தப் பழமொழியைத் தவறாகச் சொல்லிவருகிறோம், உண்மையான சொல் வேறு" என்று தொடங்கி, சொற்களையே மாற்றிப் புதுப்பொருள் காட்டுகிறார்கள். இன்று மிக அதிகமாகப் பரவியிருப்பது இந்த இரண்டாம் வகைதான் என்பதாலும், இது ஒரு பிழையான பாதை என்பது என் உறுதியான அபிப்பிராயமாதலாலும், இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மண் குதிரைப் பழமொழியையே எடுத்துக்கொள்வோம். இந்தக் காணொளிகளின்படி அது குதிரையே அன்று. 'மண் குதிர்' என்பதுதான் மூலம். குதிர் என்றால் ஆற்று நடுவில் நீர் சேர்த்துவைத்த மணல் திட்டு. அதைத் திடமான தரை என்று நம்பிக் கால் வைத்தால் புதைந்துவிடும். ஆகையால் 'மண் குதிரை நம்பி' என்பது குதிர் என்னும் சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்து வந்த தொடர். கேட்பதற்கு இது அழகாகவே இருக்கிறது. இலக்கணமும் பார்வைக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் சற்று நிதானித்துக் கேட்டால் ஒவ்வொன்றாக நழுவுகிறது. உழவர் வீடுகளில் குதிர் என்று கேட்டால், நெல்லைக் கொட்டிவைக்கும் மண்ணாலான பெரிய கூட்டைத்தான் காட்டுவார்கள். இரண்டாவதாக, ஜனங்கள் வாயில் வழங்குவது பெரும்பாலும் 'மண் குதிரையை நம்பி' என்பதே. குதிர் என்பதற்கு இரண்டாம் வேற்றுமை 'குதிரை' என்றுதான் வரும். 'குதிரையை' என்று வந்துவிட்டால், அது குதிரை என்னும் பிராணியைத் தவிர வேறெதுவுமாக இருக்க வழியில்லை. மூன்றாவதாக, மண் குதிரை என்பது கற்பனைப் பொருளே அன்று. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஐயனார் கோயில்களில் புரவியெடுப்பு நடத்தி, குயவர் செய்த மண் குதிரைகளை வரிசையாக நிறுத்துவது இன்றும் நடைபெறும் வழக்கம். ஆளைக் காட்டிலும் உயரமாக, கழுத்தில் மணியும் முதுகில் சேணமும் தாங்கிக் கம்பீரமாக நிற்கும் அந்தக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த கிராமத்துக்கு, இந்தப் பழமொழியை ஆக்குவதற்கு எந்த அகராதியும் வேண்டியிருக்கவில்லை. குதிரை ஆற்றைக் கடத்திவிடும் பிராணி. மண் குதிரையும் பார்வைக்குக் குதிரைதான். ஆனால் சுடாத மண்ணானால் நீரில் கரையும், சுட்ட மண்ணானால் மூழ்கும்.

இவ்விதம் மாற்றப்பட்ட பழமொழிகள் பல. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' ஆகிறது. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பது, சஷ்டி விரதம் இருந்தால் அகமாகிய பையில், அதாவது கருவில், குழந்தை வரும் என்றாகிறது. இவற்றைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய உபாயம் உண்டு. பழமொழி ஏட்டில் பிறந்ததன்று, செவிவழியே நடந்து வந்தது. ஆதலால் மாற்றம் நிகழ்ந்திருக்குமானால் அது செவியில் நிகழ்ந்திருக்கவேண்டும். பேச்சுத் தமிழில் கொன்றவன் 'கொன்னவன்' ஆகிறான். கொண்டவனோ 'கொண்டவ'னாகவே நிற்கிறான். இவ்விரண்டையும் எந்தக் காதும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாது. பேருக்கும் வேருக்கும் உள்ள ஒலி வேறுபாட்டையும் குழந்தைகூட அறியும். தாளில் எழுதிப் பார்க்கும் கண்ணுக்குத்தான் அவை அருகருகே தோன்றுகின்றன. ஆகவே இந்தத் திருத்தம் படித்தவர் மேசையில் பிறந்தது என்று கொள்வதே நியாயம். சஷ்டியின் விஷயம் சிறிது வேறு. கந்த சஷ்டியைச் சட்டி என்று உச்சரிக்கும் வழக்கம் தமிழில் உண்டாதலால் செவிச் சோதனையில் அது தேறிவிடுகிறது. ஆனால் கருவைச் சுமக்கும் உறுப்பை ஜனங்கள் கருப்பை என்கிறார்களேயன்றி அகப்பை என்று சொல்வதில்லை. அகப்பையோ கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய கரண்டியாகச் சட்டிக்குள்ளேயே கிடக்கிறது. சஷ்டி விரதத்தின் பெருமைக்கு இந்தப் பழமொழியின் சாட்சி தேவையுமில்லை.

இந்தத் திருத்தங்களைச் செய்பவர்களிடம் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவர்களில் பலருக்கு உள்ளே ஒரு வருத்தம் இருக்கிறது: நம் முன்னோர் இவ்வளவு கடுமையாகவா பேசியிருப்பார்கள் என்ற வருத்தம். 'அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பதை, அது இறைவன் திருவடியைக் குறித்தது என்று மாற்றுவதும், பெண்களை இழித்துரைக்கும் சில பழமொழிகளுக்கு வலிந்த பொருள்களைக் கொண்டுவந்து பொருத்துவதும் இந்த மனத்தின் காரியங்களே. ஆனால் அடித்து வளர்ப்பதை நம்பிய ஒரு காலம் இருந்தது; அந்த நம்பிக்கையை அந்தப் பழமொழி உள்ளபடியே சொல்லிற்று. அதை மறைப்பதனால் அடி வாங்கியவர் எவருடைய முதுகும் ஆறிவிடாது. இங்கேதான் 'இன்றைய அர்த்தம்' என்பதற்கு உண்மையான வேலை இருக்கிறது. பழமொழியைச் சொல்லிவிட்டு, "நம் தாத்தா காலத்தில் இப்படி நம்பினார்கள்; 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி இன்று பள்ளியில் குழந்தையை அடிப்பதற்குத் தடை உண்டு; வீட்டில் கை ஓங்கத் தோன்றும்போது இதை நினைவில் வையுங்கள்" என்று நேராகச் சொல்லும் காணொளி, பழமொழிக்கும் துரோகம் செய்யவில்லை, குழந்தைக்கும் துரோகம் செய்யவில்லை. அப்படிச் சொல்ல மனம் வராத பழமொழியை எடுக்காமலே விட்டுவிடலாம். தொகுப்புகளில் பழமொழிக்குப் பஞ்சமில்லை. பீட்டர் பெர்சிவல் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பிலேயே ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை இருக்கின்றன, கி.வா. ஜகந்நாதன் தொகுத்தவை நான்கு பெரிய தொகுதிகளாக நிற்கின்றன. அகரவரிசையில் அமைந்த பெர்சிவலின் நூலைக் காட்டிலும், பொருள் வாரியாகப் பிரித்து 1897இல் ஹெர்மன் ஜென்சன் வெளியிட்ட தொகுப்பு காணொளி எழுதுபவருக்கு அதிகம் பயன்படும் என்பது என் அநுபவம். எந்தச் சந்தர்ப்பத்துக்கு எந்தப் பழமொழி என்று தேட அது கைகொடுக்கிறது.

இனி, சொற்களை மாற்றாமலே புதுப்பொருள் காண்பது எப்படி என்பதற்கு வருவோம். நான் கண்டவரையில் இதற்கு வழி, பழமொழியின் நீதியை விட்டுவிட்டு அதன் பொருளைப் பிடித்துக்கொள்வதுதான். இங்கே பொருள் என்று நான் சொல்வது அர்த்தத்தை அன்று, கையால் தொடக்கூடிய வஸ்துவை. மண் குதிரையை நம்பாதே என்பது நீதி. அதை எல்லோரும் அறிவர். ஆனால் அந்த மண் குதிரையை ஒரு நிமிடம் கண்முன் நிறுத்திப் பார்த்தால், நீதியில் இல்லாத ஒரு நுட்பம் புலப்படுகிறது: கரையில் நிற்கும் வரையில் அதற்கும் உயிர்க் குதிரைக்கும் வித்தியாசம் காட்டவேண்டிய சந்தர்ப்பமே வருவதில்லை. அது யாரையும் ஏமாற்றவும் இல்லை. குயவர் அதை ஆற்றுக்காகச் செய்யவில்லை, கோயிலுக்காகச் செய்தார். சோதனை நீரில்தான், அந்தச் சோதனையோ திரும்பி வர முடியாத இடத்தில் நேர்கிறது. இவ்வளவையும் கண்டுகொண்ட பிறகு, இன்றைய வாழ்வில் இதே அமைப்புடைய நிகழ்ச்சி எது என்று கேட்டால், ஏமாற்று நிறுவனங்களும் பொய் நண்பர்களும் அல்ல, வேறொன்று முன்னே வந்து நிற்கிறது. கையில் வைத்திருப்பவரே படித்துப் பாராத மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம்தான் அது.

முன்பே உள்ள நோய்களுக்கு இத்தகைய பத்திரங்களில் காத்திருப்புக் காலம் என்ற ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் இதற்கு மேல்வரம்பு நான்கு ஆண்டாக இருந்து, 2024இல் மூன்று ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அக்காலம் முடிவதற்குள் அந்த நோய்க்காகச் சேர்ந்தால் பணம் கிடைக்காது. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, எழுதித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அட்டை சட்டைப்பையில் இருக்கும்வரை அது எல்லா நோய்க்கும் காவல் போலவே தோன்றுகிறது. இந்த ஒப்புமையை வைத்துக்கொண்டு, பள்ளி ஆசிரியரான நண்பர் ஒருவருக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய பேச்சு இது:

"மண் குதிரையை நம்பி ஆத்துல எறங்குன மாதிரின்னு சொல்வாங்க. எங்க தெருவுல ஒருத்தருக்குப் பத்து வருஷமா சர்க்கரை. போன வருஷம் இன்சூரன்ஸ் எடுத்தார். எட்டாவது மாசம் கால்ல புண்ணு, ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அட்டையை நீட்டினார். 'சர்க்கரைக்கு உங்களுக்கு இன்னும் காத்திருப்புக் காலம் முடியலைங்க'ன்னு சொல்லிட்டாங்க. யாரும் அவரை ஏமாத்தல. பேப்பர்ல எழுதியிருந்தது, அவர் படிக்கல. மண் குதிரையும் கரையில நிக்கிற வரைக்கும் குதிரை மாதிரிதான் இருக்கும். தண்ணியில எறங்கினாதான் தெரியும். உங்க வீட்டு இன்சூரன்ஸ் பேப்பரை இன்னைக்கு ராத்திரி எடுங்க. காத்திருப்புக் காலம்னு ஒரு வரி இருக்கும். எந்த நோய்க்கு எத்தனை மாசம்னு பாருங்க."

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தமிழ்ச் சொற்கள் செல்லும். இந்தப் பேச்சு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதில் நான் கவனிக்கச் சொல்வது மூன்று இடங்களைத்தான். பழமொழி முடிந்த மறு மூச்சில் ஒரு மனிதர் வந்துவிடுகிறார். "இதன் அர்த்தம் என்னவென்றால்" என்ற வாக்கியம் எங்கும் இல்லை. அந்த வாக்கியம் கேட்டவுடனே, அர்த்தம் தெரிந்தவரின் கட்டை விரல் திரையை மேலே தள்ளிவிடுகிறது, தெரிந்தவரோ எல்லோரும்தான். அடுத்து, பாட்டியின் திண்ணைக் கிரமம் இங்கே பாதியளவு மீண்டுவிடுகிறது: பழமொழி முதலில் வந்தாலும், நிகழ்ச்சி சொல்லப்பட்டபின் குதிரை இரண்டாம் தடவை வருகிறது. அந்த இரண்டாம் வருகைதான் விளக்கம். முதல் தடவை கேட்டபோது பழகிய ஓசையாக இருந்தது, இரண்டாம் தடவை ஒரு காட்சியாகிறது. கடைசியாக, முடிவில் இருப்பது அறிவுரை அன்று. இன்றிரவே செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியம்.

நண்பர் முதலில் எழுதி வந்த பிரதியில், முடிவு "ஆகவே எதையும் ஆராய்ந்து நம்புங்கள்" என்று இருந்தது. அதை நீக்கச் சொன்னபோது அவருக்குச் சற்று வருத்தம்தான். நீதி இல்லாமல் எப்படி முடிப்பது என்று கேட்டார். பழமொழிதானே நீதி, அதை ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டோமே என்றேன். தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொல்லிவந்த காலத்தை அவருக்கு நினைவூட்டினேன். செய்தியைச் சொல்லி முடித்தபின் அவர் உபதேசம் செய்யமாட்டார், ஒரு சிறு நகைச்சுவைக் கதையைச் சொல்லிவிட்டு விடைபெறுவார். கேட்டவர்களுக்குச் செய்தி மறக்கவில்லை.

திரையில் எழுதிக் காட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேருந்திலும் அலுவலகத்திலும் ஒலியை நிறுத்திவைத்துப் பார்ப்பவர் பலராதலால், பழமொழியைப் பெரிய எழுத்தில் முதலிலேயே காட்டுவது அவசியமாகிறது. அதை எழுத்துத் தமிழில் காட்டி, வாயால் பேச்சுத் தமிழில் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் 'ஆத்துல எறங்குன' என்பதைக் காதால் கேட்கும் அதே விநாடியில் 'ஆற்றில் இறங்கிய' என்று கண்ணால் வாசிப்பதில் தமிழருக்கு எந்தத் தடையும் இல்லை, நாம் பள்ளிக்கூடத்தில் முதல் நாளிலிருந்து செய்துவரும் காரியம் அது. எழுத்தைத் திரையின் அடிப்பகுதியில் மட்டும் வைக்கக் கூடாது. அங்கே கணக்கின் பெயரும் குறிப்பும் வந்து மறைத்துவிடும், வலப்புறத்தைப் பொத்தான்கள் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைப்பதே உசிதம்.

இன்னொரு சிரமம் ஊர்தோறும் உள்ள பாடபேதம். ஒரே பழமொழி கொங்குநாட்டில் ஒரு விதமாகவும் நெல்லையில் ஒரு விதமாகவும் யாழ்ப்பாணத்தில் இன்னொரு விதமாகவும் வழங்கும். பெர்சிவல் தம் சேகரிப்பைத் தொடங்கியதே யாழ்ப்பாணத்தில்தான் என்பதனால், அவருடைய நூலில் சில வடிவங்கள் நம் காதுக்குப் புதிதாகவே இருக்கின்றன. இதைக் கண்டு, ஒன்று சரி மற்றது பிழை என்று தீர்ப்புக் கூறும் காணொளிகளும் உண்டு. அது வீண் வேலை. 'எங்கள் ஊரில் இப்படிச் சொல்வோம்' என்ற ஒரு சொல்லோடு தொடங்கினால் தகராறுக்கே இடமில்லை; மேலும் அச்சொல், பேசுகிறவர் பழமொழியை ஒரு புத்தகத்திலிருந்தோ இன்னொரு காணொளியிலிருந்தோ எடுக்காமல், யாரோ ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறார் என்பதற்கும் சாட்சியாகிறது.

அப்படிக் கேட்பதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே இந்தத் துறையில் எனக்குள்ள பெரிய நம்பிக்கை. ஆகவே காணொளி செய்ய உத்தேசித்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழமொழியைத் தேர்ந்தெடுத்ததும் கைப்பேசியை நிமிர்த்தி வைத்துவிடாமல், உங்கள் தெருவில் எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் போய், "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காமல், "இதை நீங்கள் கடைசியாக யாரைப் பார்த்துச் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் நிகழ்ச்சியை, ஆள் பெயரை மட்டும் நீக்கிவிட்டு, அவருடைய வாய்ச்சொல்லிலேயே அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.